மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது? தழைச்சத்து, மக்னீசியம், இரும்புக் குறைகளைப் பிரித்தறியும் முறை

"செடி மஞ்சளாகிவிட்டது" என்று உரக்கடையில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் ஒரு மூட்டை யூரியாவோடுதான் திரும்பி வருவோம். தழைச்சத்துக் குறைதான் காரணம் என்றால் பத்து நாளில் பயிர் தேறிவிடும். காரணம் இரும்புச்சத்தாகவோ மக்னீசியமாகவோ இருந்தால், போட்ட யூரியாவும் வீண், அதற்குள் போன நாளும் வீண். பூ, பிஞ்சு பிடிக்கும் பருவத்தில் பதினைந்து நாள் தவறினால் அந்தப் பருவத்து மகசூலே கையை விட்டுப் போய்விடும்.

இந்த மூன்று குறைகளையும் ஆய்வுக்கூடத்துக்குப் போகாமல், செடியின் முன் நின்றபடியே பெரும்பாலும் பிரித்தறிந்துவிடலாம். இரண்டு கேள்விகளை வரிசை மாறாமல் கேட்க வேண்டும். மஞ்சள் முதலில் தொடங்கியது அடியிலையிலா, கொழுந்திலா? மஞ்சளான இலையில் நரம்பும் சேர்ந்து வெளுத்திருக்கிறதா, அல்லது நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா? இந்த அத்தியாயம் முழுவதும் இந்த இரு கேள்விகளைப் பற்றியதுதான்.

இலையின் வயது ஏன் முக்கியம்?

இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். பச்சைய மூலக்கூறு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. அதைச் சுற்றிப் பிடித்திருப்பவை நான்கு நைட்ரஜன் அணுக்கள், அதாவது தழைச்சத்து. இரும்பு பச்சையத்துக்குள் இல்லை. ஆனால் செடி பச்சையத்தை உருவாக்க இரும்பு இருந்தே ஆக வேண்டும். ஆகவே இந்த மூன்றில் எது குறைந்தாலும் இலை மஞ்சளாகும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவது இதனால்தான்.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்றால், சத்துக் குறைந்த நேரத்தில் செடி என்ன செய்கிறது என்பதில். குடும்பம் பெருகிப் புது வீடு கட்ட வேண்டும், கையில் பணமில்லை என்றால், பழைய வீட்டின் ஓடுகளையும் மரச்சட்டங்களையும் பிரித்துப் புது வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். செடியும் அப்படித்தான். வேரிலிருந்து தழைச்சத்து போதுமான அளவு வராதபோது, அடியிலைகளில் இருக்கும் புரதத்தை உடைத்து, அதிலுள்ள தழைச்சத்தை நுனிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். மக்னீசியத்தையும் அப்படியே பெயர்த்து மேலே அனுப்பும். அதனால் இந்த இரண்டு குறைகளிலும் அடியிலை முதலில் மஞ்சளாகும், கொழுந்து பச்சையாகவே இருக்கும். இரும்போ சுண்ணாம்புக் கலவையில் பதித்த செங்கல். ஓர் இலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அங்கிருந்து அநேகமாக நகராது. வேரிலிருந்து வரத்து குறைந்த நாளிலிருந்து முளைக்கும் கொழுந்தெல்லாம் இரும்பில்லாமல் வெளுத்து வரும். முன்பே முற்றிய அடியிலை கரும்பச்சையாகவே நிற்கும்.

எனவே முதல் கேள்விக்கான விடையே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். கொழுந்தில் தொடங்கினால் இரும்பின் பக்கம் போக வேண்டும். அடியிலையில் தொடங்கினால் தழைச்சத்தா, மக்னீசியமா என்று இரண்டாவது கேள்விக்குப் போக வேண்டும்.

இலையைப் பார்க்கும் முறை

வரப்பில் நின்றபடி வயலைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஓரச் செடிகளுக்குத் தூசி, வெயில், பக்கத்து வயலின் நீர் எனப் பல பாதிப்புகள் உண்டு. உள்ளே நடந்து சென்று, வெவ்வேறு இடங்களில் பத்துச் செடிகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு செடியிலும் மூன்று இலைகளைப் பறியுங்கள். அடியிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, நுனிக்குக் கீழே நன்றாக விரிந்த இளம் இலை ஒன்று. மூன்றையும் ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தால், மஞ்சள் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு ஏறுகிறது என்பது ஒரே பார்வையில் தெரியும்.

பிறகு மஞ்சளான இலையை வானத்து வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நேரடி வெயில் வேண்டாம், காலை வேளையின் சாதாரண வெளிச்சம் போதும். மேசைமேல் வைத்துப் பார்க்கும்போது கண்ணுக்குப் படாத சிறு நரம்புகள் அப்போது தெளிவாகத் தெரியும்.

*தழைச்சத்துக் குறை* என்றால் இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்திருக்கும். நரம்புக்கும் நரம்பிடைக்கும் நிறத்தில் வேறுபாடு இருக்காது, நடுநரம்பும் சேர்ந்தே வெளுத்திருக்கும். முதலில் வெளிர்பச்சை, பிறகு எலுமிச்சை மஞ்சள், கடைசியில் காய்ந்து உதிர்வு என்று மாறும். இலையை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். தழைச்சத்துக் குறைந்த செடி வளர்ச்சியிலும் அதைக் காட்டிவிடும். தண்டு மெலிந்திருக்கும், பக்கக் கிளை குறைந்திருக்கும், புது இலைகளும் சிறுத்திருக்கும். வயலே வெளிர்பச்சையாக, ஆள் இளைத்த தோற்றத்தில் இருக்கும்.

*மக்னீசியக் குறை* என்றால் அடியிலையின் நரம்பிடைகள் மஞ்சளாகும், நரம்புகள் பச்சையாக நிற்கும். நடுநரம்பையும் பெரிய கிளை நரம்புகளையும் ஒட்டி, தடித்த பச்சைப் பட்டை ஒன்று இருப்பதைக் கவனியுங்கள். மஞ்சள் பெரும்பாலும் இலையின் ஓரத்திலிருந்து உள்நோக்கி நகரும். எலுமிச்சை, சாத்துக்குடி போன்ற மரங்களில் கடைசியாகக் காம்பை ஒட்டி மட்டும் பச்சை மிஞ்சி, அம்பு முனை போல நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் ஐயமே வேண்டாம். பருத்தியில் மஞ்சளோடு நில்லாமல் அடியிலையின் நரம்பிடை செந்நிறமாகிவிடும், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும்.

*இரும்புக் குறை* என்றால் கொழுந்திலும் இளம் இலையிலும் நரம்பிடை மஞ்சளாகும். இங்கும் நரம்பு பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய நரம்பு மட்டுமல்ல, மயிரிழை போன்ற சிறு நரம்புகளும் பச்சையாக இருந்து, மஞ்சள் துணியில் பச்சை நூலால் பின்னிய வலையாகத் தெரியும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையிலான எல்லை கூர்மையாக இருக்கும். குறை முற்றினால் அந்த வலையும் மறைந்து, கொழுந்து முழுவதும் தந்தநிறமாகவோ வெள்ளையாகவோ ஆகிவிடும். பிறகு ஓரம் கருகும். இந்த முற்றிய நிலையில் நரம்பின் பச்சை காணாமல் போவதால், சிலர் இதைத் தழைச்சத்துக் குறை என்று எண்ணிவிடுகிறார்கள். அப்போது ஒரு கணு கீழே இறங்கிப் பாருங்கள். அங்கே வலை இன்னும் தெரியும்.

மூன்றையும் ஒரே பயிரில் ஒப்பிட்டுப் பழக மக்காச்சோளம் மிக ஏற்றது. தழைச்சத்துக் குறைந்தால் அடியிலையின் நுனியில் மஞ்சள் தொடங்கி, நடுநரம்பின் வழியே கூர் ஆப்பாகக் காம்பை நோக்கி இறங்கும், இரு ஓரங்களும் பச்சையாக இருக்கும். மக்னீசியம் குறைந்தால் அடியிலையில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சளும் வெளுப்புமாக நீளக் கோடுகள் விழும். இரும்பு குறைந்தால் அதே வகைக் கோடுகள் குருத்திலையில், அடியிலிருந்து நுனிவரை முழு நீளத்துக்கும் ஓடும். நெல், கரும்பு, சோளம் போன்ற நேர்நரம்புப் பயிர்களில் வலை தெரியாது, கோடுதான் தெரியும். இதை மறக்கக்கூடாது.

ஒரு மல்லிகைத் தோட்டத்தில்

சொன்ன முறையைக் களத்தில் எப்படிக் கையாள்வது என்பதற்குக் குண்டுமல்லியை எடுத்துக்கொள்வோம். மதுரை, திண்டுக்கல் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது.

அரை ஏக்கர் தோட்டம். செம்மண். ஓர் அடி தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் கிடைக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர், பாத்தியில் பாய்ச்சுகிறார்கள். நவம்பர் கடைசியில் கவாத்து செய்தாயிற்று. ஜனவரியில் துளிர் வந்தது. பிப்ரவரியில் துளிரெல்லாம் மஞ்சள். தோட்டக்காரர் இரண்டு முறை யூரியா வைத்துவிட்டார். செடி தேறவில்லை. வேகமாக வந்த புதுத் துளிர் முன்னைவிட வெளுத்திருக்கிறது.

இப்போது நம் கேள்விகளைக் கேட்போம். மல்லிகையில் இலைகள் எதிரெதிர் இணைகளாக வரும் என்பதால் எண்ணுவது எளிது. நுனியிலிருந்து முதல் மூன்று இணைகள் மஞ்சள். நான்காம் இணை லேசாக வெளுத்திருக்கிறது. அதற்குக் கீழே எல்லாம் கரும்பச்சை. ஆகவே தொடங்கிய இடம் கொழுந்து. தழைச்சத்தும் மக்னீசியமும் இந்த ஒரு பார்வையிலேயே விலகிவிட்டன. மூன்றாம் இணையிலிருந்து ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்தால், சிறு நரம்பு உட்பட அத்தனையும் பச்சை வலையாகத் தெரிகிறது. இரும்பு.

இதோடு நிறுத்தாமல் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். மஞ்சள் எல்லாச் செடியிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, திட்டுத்திட்டாக இருக்கிறதா? இங்கே இரண்டு இடங்களில் அதிகம். சுக்கான் கல் மேலாக இருக்கும் மேட்டுப் பகுதியில் ஒன்று, வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் தேங்கும் பகுதியில் மற்றொன்று. இரண்டுக்கும் காரணம் உண்டு. சுண்ணாம்பு மிகுந்த, காரத்தன்மையுள்ள மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, ஏராளமாகவே இருக்கும். செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்ததுதான். ஆனால் அது துருவாக இறுகிக் கிடக்கிறது, வேரால் கரைத்து எடுக்க முடியாது. தண்ணீர் தேங்கிய சுண்ணாம்பு மண்ணில் பைகார்பனேட் கூடி, வேர் இரும்பை எடுப்பதை மேலும் தடுக்கிறது. காற்றில்லாமல் வேரும் சோர்ந்துவிடுகிறது.

மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்கக் கையளவு உலர்ந்த மண்ணை எடுத்து, அதன்மேல் சமையல் வினிகரைச் சில சொட்டு விட்டுப் பார்க்கலாம். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு நிறைய உண்டு. காதருகே பிடித்தால் சிறு சீறல் கேட்கும். நுரைக்கவில்லை என்பதால் மட்டும் மண் காரமில்லை என்று சொல்லிவிட முடியாது. மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலையைப் பாருங்கள். 8-க்கு மேல் இருந்தால் இரும்புக் குறைக்கு வாய்ப்பு அதிகம்.

கிளைச் சோதனை: பணம் போடும் முன்

கண்ணால் பார்த்த முடிவைச் செடியிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். ஒரே அளவு மஞ்சளான நான்கு கிளைகளைத் தேர்ந்து, நான்கு நிற நூல் கட்டுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு ஒவ்வொன்றாக மூன்று கரைசல்கள் செய்யுங்கள். அன்னபேதி உப்பு 5 கிராம். மக்னீசியம் சல்பேட் 10 கிராம். யூரியா 10 கிராம். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கரைசலை, இலையின் இரு பக்கமும் நனையும்படி, மாலை நான்கு மணிக்குமேல் தெளிக்க வேண்டும். கரைசல் இலையில் பரவ, லிட்டருக்குச் சில சொட்டு ஒட்டும் திரவம் சேர்த்துக்கொள்ளலாம். நான்காவது கிளைக்கு வெறும் தண்ணீர். தெளிக்கும்போது பக்கத்துக் கிளையில் படாமல் ஒரு பழைய அட்டையை இடையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏழு முதல் பத்து நாளில் விடை தெரியும். நம் மல்லிகையில் அன்னபேதி தெளித்த கிளையின் இலைகளில் பச்சைப் புள்ளிகள் தோன்றும். துளி எங்கே விழுந்ததோ அங்கே மட்டும் பச்சை பிடித்திருக்கும், இரண்டு துளிக்கு நடுவே மஞ்சள் அப்படியே இருக்கும். இரும்பு இலைக்குள்ளேயேகூட அதிகம் நகராது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அடையாளம் கிடையாது. மற்ற மூன்று கிளைகளிலும் மாற்றம் இருக்காது.

தழைச்சத்துக் குறையுள்ள பயிரில் இதே சோதனையைச் செய்தால், யூரியா தெளித்த கிளை புள்ளியாக அல்லாமல் முழுவதுமாகப் பச்சை பிடிக்கும். மக்னீசியக் குறையில் விடை மெதுவாகத்தான் வரும். முழுக்க மஞ்சளான அடியிலை பழைய நிறத்துக்குத் திரும்பாமலே போகலாம். அங்கே பார்க்க வேண்டியது வேறு. தெளித்த கிளையில், மஞ்சளாக வேண்டிய அடுத்த இலை பச்சையாகவே நிற்கிறதா என்று இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள்.

அன்னபேதியைக் கையாளும்போது

இரும்புக் குறைக்குச் சரியான மருந்தைத் தெளித்தும் பலன் வரவில்லை என்றால், தவறு பெரும்பாலும் கரைசலில்தான் இருக்கும். நல்ல அன்னபேதி வெளிர்பச்சைப் படிகமாக இருக்கும். பை திறந்தே கிடந்தால் காற்றுப்பட்டு மஞ்சளும் காவியுமாகத் துருப்பிடிக்கும். அந்தக் காவித்தூள் இலைக்குப் பெரும்பாலும் பயன்படாது. கரைத்த பிறகும் இதே ஆபத்து உண்டு. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைத்தால் சிறிது நேரத்திலேயே கரைசல் கலங்கிக் காவி நிறமாகும். மழைநீரோ நல்ல குடிநீரோ எடுத்துக்கொண்டு, லிட்டருக்கு ஒரு கிராம் சிட்ரிக் அமிலத்தை, அதாவது கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை, முதலில் கரைத்துவிட்டுப் பிறகு அன்னபேதியைப் போட வேண்டும். கரைத்த அன்றே தெளித்து முடித்துவிட வேண்டும். இதனுடன் பூச்சிமருந்தோ வேறு உரமோ கலக்க வேண்டாம்.

அரை ஏக்கர் மல்லிகைக்கு ஏறக்குறைய 100 லிட்டர் கரைசல் தேவைப்படும். லிட்டருக்கு 5 கிராம் என்றால் அன்னபேதி அரைக் கிலோதான். முதல் நாள் ஐந்தாறு செடிகளில் மட்டும் தெளித்து, இலை கருகவில்லை என்று மறுநாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குத் தெளிப்பது நல்லது. மொட்டின்மேல் பட்டால் துருக்கறை விழுந்து, பூ விலை போகாது. ஆகவே மொட்டு வரும் முன்போ, ஒரு பூ அலை முடிந்த கையோடோ தெளித்துவிடுங்கள்.

ஒரு தெளிப்போடு முடிந்தது என்று எண்ண வேண்டாம். தெளித்த இலை பச்சையாகும். அதற்குப் பிறகு வரும் துளிர் மறுபடி மஞ்சளாகவே வரும், ஏனென்றால் பழைய இலையில் படிந்த இரும்பு மேலே ஏறாது. பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்துக்கொண்டே, மண்ணைச் சரிசெய்யும் வேலையையும் தொடங்க வேண்டும். தலைப்பில் தேங்கும் தண்ணீரை வடிய விடுங்கள், பாய்ச்சலுக்கு இடைவெளி கொடுங்கள். நன்கு மக்கிய தொழுவுரம் இடுங்கள். யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட்டைப் பயன்படுத்தினால் வேரைச் சுற்றியுள்ள மண்ணின் காரம் சற்றுக் குறையும். அன்னபேதியை வெறுமனே சுண்ணாம்பு மண்ணில் தூவுவது காசைக் கரைப்பது. சில நாளில் அதுவும் துருவாகிவிடும். மண்ணில்தான் இட வேண்டுமென்றால் தொழுவுரத்தோடு கலந்து வேருக்கருகே வையுங்கள். கடையில் கிடைக்கும் கொடுக்கிணைப்பு இரும்பு வாங்கினால் பொட்டலத்தில் வகையைப் படியுங்கள். EDTA என்று போட்டிருப்பது காரமான மண்ணில் நிலைக்காது, இலைவழிக்கு ஏற்றது. EDDHA என்று போட்டிருப்பது சுண்ணாம்பு மண்ணிலும் நிலைத்து வேருக்குக் கிடைக்கும், ஆனால் விலை கூடுதல்.

அடியிலை மஞ்சளானால்

தழைச்சத்துக் குறை என்று உறுதியானால் யூரியா கொடுப்பதற்குமுன் அது ஏன் வந்தது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். மணற்பாங்கான நிலத்தில் கனமழை பெய்து சத்தை அடித்துக்கொண்டு போயிருக்கலாம். தண்ணீர் தேங்கி, தழைச்சத்து வாயுவாகிப் போயிருக்கலாம். மக்காத வைக்கோலையோ மரத்தூளையோ மண்ணில் கலந்திருந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக்கொண்டுவிடும். மாடித்தோட்டத்தில் தொட்டிக்கு அடியில் தண்ணீர் வழியும் அளவுக்குத் தினமும் ஊற்றினாலும் இதே கதிதான். உடனடி நிவாரணத்துக்கு லிட்டருக்கு 10 கிராம் யூரியா கலந்து இலைவழி தெளிக்கலாம். காய்கறிகளின் மென்மையான இலைக்கு 5 கிராமே போதும். அதன்பின் பரிந்துரைத்த மேலுரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் பிரித்து ஈரம் இருக்கும்போது இட வேண்டும். தண்ணீர் தேங்கிய வயலில் முதல் வேலை வடிகால். உரம் அதற்குப் பிறகுதான்.

மக்னீசியக் குறை மணற்பாங்கான, அமிலத்தன்மையுள்ள நிலங்களில்தான் அதிகம். காய் பிடிக்கும் நேரத்தில் தலைகாட்டும். இன்னொரு காரணம் நாமே உண்டாக்குவது. மண்ணில் சாம்பல்சத்து அளவுக்கு மீறிப்போனால், வேர் மக்னீசியத்தை எடுக்க முடியாமல் போகும். மாடித்தோட்டத்துத் தக்காளியில் இதை நன்றாகப் பார்க்கலாம். காய் பெருக்கட்டும் என்று வாரந்தோறும் அடுப்புச் சாம்பலும் பொட்டாஷும் போடுவார்கள். முதல் கொத்துக் காய் பருக்கும்போது அதற்குக் கீழேயுள்ள இலைகளில் நரம்பிடை மஞ்சளாகும், நுனி மட்டும் செழிப்பாக இருக்கும். அங்கே முதலில் சாம்பலை நிறுத்த வேண்டும். பிறகு லிட்டருக்கு 10 கிராம் மக்னீசியம் சல்பேட்டை வாரம் ஒரு முறையாக இரண்டு மூன்று முறை தெளிக்கலாம். இதற்கும் மாலை வேளைதான் நல்லது.

ஏமாற்றும் மஞ்சள்கள்

எல்லா மஞ்சளும் இந்த மூன்றுக்குள் அடங்காது. சிலவற்றைத் தெரிந்துவைத்துக்கொண்டால் தவறான உரம் போடுவது மிச்சமாகும்.

வெண்டையில் நரம்பு மஞ்சளாகி, நரம்பிடை பச்சையாக இருந்தால் அது சத்துக் குறையே அல்ல. இரும்புக் குறையின் நேர் தலைகீழ் உருவம் அது. வெள்ளை ஈ பரப்பும் நரம்பு வெளிர் தேமல் நோய். எந்த உரமும் அதைத் தீர்க்காது, செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டும். உளுந்தில் எந்த ஒழுங்குமில்லாமல் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள் சிதறிக் கிடந்தால் அதுவும் வைரஸ்தான்.

கொழுந்து மஞ்சளாக இருக்கிறது, ஆனால் நரம்பும் சேர்ந்து சீராக வெளுத்திருக்கிறது என்றால் கந்தகக் குறையை நினைக்க வேண்டும். தழைச்சத்துக் குறையின் அதே தோற்றம், இடம் மட்டும் மேலே. அடியிலையில் நரம்பிடைக்குப் பதில் ஓரம் மட்டும் மஞ்சளாகிக் கருகினால் அது சாம்பல்சத்துக் குறையாக இருக்கக்கூடும். இலை முழுவதும் ஊசியால் குத்தியதுபோலப் பொடிப்பொடியாக வெளுத்திருந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புச் சிலந்தி ஓடிக்கொண்டிருக்கும்.

அடியில் இரண்டொரு இலை மஞ்சளாகி உதிர்வது வயதின் இயல்பு. அதற்கு எதுவும் செய்ய வேண்டாம். மஞ்சள் வாரா வாரம் மேலேறுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

மேலிலையும் அடியிலையும் ஒரே சமயத்தில் மஞ்சளானால் இலையை விட்டுவிட்டு வேரைப் பாருங்கள். ஒரு செடியைப் பெயர்த்தெடுத்தால் வெள்ளை வேர் தெரிய வேண்டும். வேர் பழுப்பாகி, பட்டை உருவிக்கொண்டு வந்தால் வேரழுகல். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. வேர் வேலை செய்யாத செடிக்கு மண்ணில் உரம் எவ்வளவு போட்டும் பயன் இல்லை.

நிலக்கடலையில் நல்ல மழைக்குப் பின் கொழுந்து மஞ்சளாவதும் உண்டு. அது இரும்புக் குறைதான். ஆனால் சில இடங்களில் தண்ணீர் வடிந்ததும் தானே தேறிவிடும். ஒரு வாரம் பொறுத்தும் வலை மறையவில்லை என்றால் அன்னபேதி தெளிக்கலாம். நெல்லில் இதற்கு நேர்மாறு. உலர் நாற்றங்காலில் குருத்து வெளுக்கும், ஆனால் தண்ணீர் கட்டிய வயலில் இரும்புக் குறை அரிது. காற்றில்லாத சேற்றில் துரு கரைந்து வேருக்கு எளிதாகக் கிடைத்துவிடும். அங்கே நெல் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்தையோ துத்தநாகத்தையோதான் தேட வேண்டும்.

சுருக்கமாக

- அடியிலை, நரம்போடு சேர்ந்து சீரான மஞ்சள், செடியும் இளைப்பு: தழைச்சத்து.
- அடியிலை, நரம்பிடை மஞ்சள், பெரிய நரம்பை ஒட்டித் தடித்த பச்சை: மக்னீசியம்.
- கொழுந்து, நரம்பிடை மஞ்சள், சிறு நரம்புவரை பச்சை வலை: இரும்பு.
- மேலும் கீழும் ஒருங்கே மஞ்சள்: முதலில் வேரைப் பார்.

இந்த அடையாளங்கள் தொடக்க நிலையில்தான் தெளிவாக இருக்கும். குறை முற்றியபின் எல்லா மஞ்சளும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டு சத்துகள் ஒன்றாகக் குறைந்திருந்தால் கண் பார்வை மட்டும் போதாது, கிளைச் சோதனையும் மண் பரிசோதனையும் வேண்டும். எனவே வாரம் ஒரு நாள், தண்ணீர் பாய்ச்சப் போகும்போதே, நாலு செடியின் அடியிலையையும் கொழுந்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எந்த இலையில் மஞ்சள் தொடங்கியது என்று சொல்லத் தெரியாதவரை உரக்கடைக்குப் போகாதீர்கள்.